ஜனவரி 1-இல் பிறந்த என் மகன்

பிறந்த ஆண்டோடு 7 கூட்டினால் பள்ளியில் முதலாம் ஆண்டு சேரும் வருடம். பினாங்கில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. என் மகன் பிறந்தது 2018 ஜனவரி 1. அப்படியென்றால் 2025-இல் பள்ளி என்று நிம்மதியாக இருந்தோம். பாலர் பள்ளியிலும் அவனை ஐந்து வயது வகுப்பில்தான் வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு டீச்சர்தான் ஒருநாள் அவன் பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். அடையாள எண் 180101 என்று தொடங்கியது. "ஐயோம்மா, இவன் 2024-க்கே போகணும்!" என்றார்.

சட்டம் பார்ப்பது பிறந்த ஆண்டை அல்ல. பள்ளி ஆண்டின் ஜனவரி 1 அன்று பிள்ளைக்கு ஆறு வயது நிறைந்திருக்கிறதா என்பதைத்தான். 2017 ஜனவரி 2 முதல் 2018 ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே அணி. என் மகன் அதில் கடைசிப் பிள்ளை. மறுநாள் பிறந்திருந்தால் 2025.

இணையப் பதிவு அப்போது முடிந்துவிட்டது. பிறப்புப் பத்திரம், எங்கள் இருவரின் அடையாள அட்டை, வீட்டு முகவரி உள்ள மின்கட்டண பில், இவற்றோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். தாமதப் பதிவாக எடுத்துக்கொண்டார்கள். கேட்ட தமிழ்ப்பள்ளியில் இடம் இருந்தது, நல்லவேளை.

அப்புறம் மிச்சமிருந்த மாதங்களில் அவனை ஆறு வயது வகுப்புக்கு மாற்றினோம். பென்சில் பிடிக்கவே விரல் நடுங்கியது அவனுக்கு. தினமும் இரவு அரை மணி நேரம் அ, ஆ எழுத வைத்தேன்.