மார்பின் மாத்திரையை இடித்துக் கொடுக்கும் தவறு

அபினிச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில் இருப்பதுதான், புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்பின். குழம்பில் அரைத்து ஊற்றும் கசகசாவும் அதே செடியின் விதைதான். நம் உடல் தானே சுரக்கும் எண்டார்பினுக்காக நரம்புகளில் 'மியூ' என்ற ஏற்பிகள் இருக்கின்றன. மார்பின் அவற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவது குறைகிறது, அடுத்த நரம்புக்கு வலிச் செய்தி போவது மங்குகிறது. புற்றுநோய்க் கட்டி அப்படியேதான் இருக்கும், வலி மட்டும் தணியும்.

மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை நடத்தும் நரம்புகளிலும் இதே ஏற்பிகள் உண்டு. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் 'மூச்சு விடு' என்று அவை தூண்ட வேண்டும். மார்பின் மிகுந்தால் அந்தத் தூண்டல் மந்தமாகிவிடும். மருத்துவர் சிறிதாகத் தொடங்கி மெல்ல ஏற்றும் அளவில் இது அரிது. திடீரென்று ஏறும் அளவில்தான் ஆபத்து.

வீட்டில் அப்படித் திடீரென ஏற்றிவிடுவது பெரும்பாலும் அன்பினால்தான். ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையும் இரவும் 30 மி.கி. மெதுவாகக் கரையும் மாத்திரை. விழுங்க முடியவில்லை என்று மகள் அதை இடித்துக் கஞ்சியில் கலக்கிறார். 12 மணி நேரத்துக்கான மருந்து சீக்கிரமே ரத்தத்தில் இறங்கிவிடும், மூன்று 10 மி.கி. சாதாரண மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தது போல. மாலைக்குள் வலியும் திரும்பிவிடும். விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. சாதாரண மாத்திரைக்கு அவர் மாற்றலாம். நாளுக்கு அதே 60 மி.கி.தான், இந்தச் சாதாரண மாத்திரையை இடிக்கவும் செய்யலாம்.

இன்னொரு தவறு, சிறுநீரைக் கவனிக்காமல் விடுவது. கல்லீரல் மார்பினை மாற்றி உண்டாக்கும் ஒரு பொருளும் அதே ஏற்பியில் ஒட்டும். அது வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சேலத்துச் சித்திரை வெயிலில் இரண்டு நாள் வாந்தி, பேதி என்று உடல் வற்றினால் அது தேங்கும். அளவு மாறாமலேயே மருந்து கூடிப்போகும். சிறுநீர் குறைந்தால் அடுத்த வேளைக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். தூக்க மாத்திரையும் சாராயமும் இதோடு சேரவே கூடாது.

கண்மணி சுருங்கியிருப்பதை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம், சரியான அளவிலும் அது சுருங்கும். மூச்சு குறைவதற்கு முன் மயக்கம் கூடும், அதைத்தான் பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். கண் விழித்துப் பதில் சொன்னால் பெரும்பாலும் தூக்கம்தான். விழிக்காவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 8 அல்லது அதற்குக் குறைவு என்றால் அதையும் போனில் சொல்லுங்கள். மலையிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் போடும் நலோக்சோன் ஊசி ஏற்பியிலிருந்து மார்பினை விலக்கும். ஆனால் அதன் வேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும், மெதுவாகக் கரையும் மாத்திரையோ இன்னும் வயிற்றில் இருக்கும். எழுந்து பேசினாரே என்று உடனே வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.