'தோட்டத்து ஆள்' என்று ஒரு வாடிக்கையாளர் இல்லை: சந்தையைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா பக்கம் பால்மா விற்கும் பிரதிநிதியாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கம்பெனி என் கையில் ஒரு தாளைக் கொடுத்தது. அதில் வாங்குபவர்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள்: நகரம், கிராமம், தேயிலைத் தோட்டம். நகரத்துக்கு 400 கிராம் பெரிய பக்கட். தோட்டத்துக்கு 50 கிராம் பக்கட் மட்டும். தோட்டத்தில் வருமானம் குறைவு, அதனால் சின்ன பக்கட்தான் ஓடும் என்பது கணக்கு. கேட்கும்போது சரியாகத்தான் தெரிந்தது.

இதைப் பாடப் புத்தகத்தில் சந்தைத் துண்டமாக்கல் என்பார்கள். வாங்குபவர்கள் எல்லோருக்கும் ஒரே பொருளை ஒரே மாதிரி விற்காமல், ஒரே மாதிரி வாங்குகிறவர்களை ஒரு குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக ஏற்பாடு செய்வது. அமெரிக்கர் வென்டல் ஸ்மித் 1956இல் எழுதியதிலிருந்து இது சந்தைப்படுத்தலின் அடிப்படைப் பாடமாக இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டிய சொல் 'ஒரே மாதிரி வாங்குகிறவர்கள்' என்பது. ஒரே இடத்தில் இருப்பவர்கள் என்றோ, ஒரே வேலை செய்பவர்கள் என்றோ அதற்குப் பொருள் இல்லை. எங்கள் தாளில் இருந்த முதல் தவறும் பெரிய தவறும் அதுதான். முகவரியை வைத்துப் பிரித்துவிட்டு, வாங்கும் விதத்தைப் பிரித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துக் கடை. முதலாளி என் அப்பா வயதுக்காரர். நான் நாலாவது மாதமும் சின்ன பக்கட் பெட்டியை இறக்கியபோது அவர் சொன்னார்: "தம்பி, பத்தாந்தேதி கையில காசோட வர்றவங்ககிட்ட இந்தச் சின்னத நீட்டினா, என்ன ஏமாத்துறியான்னு கேக்குறாங்க. பெரிசு எங்க?"

அவர் சொன்னது விளங்க வேண்டுமென்றால் தோட்டத்தில் பணம் வரும் விதம் தெரிய வேண்டும். மாதச் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில் கைக்கு வரும். 25ஆம் திகதி வாக்கில் ஒரு அட்வான்ஸ். இடைப்பட்ட நாட்கள் கடையின் கடன் கொப்பியில் ஓடும். சம்பளம் வந்ததும் கடனை அடைத்து, மாவு, சீனி, பால்மா என்று பெரிய சாமான்களை மொத்தமாக வாங்குவார்கள். பெரிய பக்கட் தோட்டத்துக் கடையில் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டன் டவுனுக்குப் போய் வாங்கி வருவார்கள். பெரும்பாலும் வேறு கம்பெனியின் பால்மாவை.

அதில் கணக்குப் பிசகு எதுவும் இல்லை. உதாரணத்துக்கு 400 கிராம் 1,000 ரூபா, 50 கிராம் 150 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சின்னதில் எட்டு வாங்கினால்தான் 400 கிராம். அதற்கு 1,200 ரூபா. கையில் காசு இருக்கும் நாளில் யாரும் 200 ரூபாவைச் சும்மா விட மாட்டார்கள். காசு இல்லாத நாளில் அந்த 200 ரூபா, 'இன்றைக்கு 150 போதும்' என்ற வசதிக்குக் கொடுக்கும் விலை. அதே அம்மாதான் 11ஆம் திகதி பெரியதையும் 3ஆம் திகதி சின்னதையும் வாங்குகிறார். அவரை எந்தக் குழுவில் போடுவது? ஆளைப் பிரிக்க முயன்றால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வாங்கும் சமயத்தைப் பிரித்தால் பதில் எளிது.

இரண்டாவது தவறு இதோடு ஒட்டியது: மாத மொத்தத்தைப் பார்ப்பது. அந்தக் கடையின் ஒரு மாத விற்பனையை முதலாளியோடு உட்கார்ந்து கொப்பியிலிருந்து எடுத்தேன். அந்த மாதம் பெரிய பக்கட்டை நானே ஹட்டனிலிருந்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். மாதம் முழுக்கச் சின்னது 110, பெரியது 18. இதை மட்டும் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பினால் 'தோட்டத்தில் சின்னதுதான் ஓடும்' என்றே முடிவு கட்டுவார்கள். ஆனால் வாரமாகப் பிரித்தால் சம்பள வாரத்தில் சின்னது 9, பெரியது 12. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் சின்னது 48, பெரியது 1. மிச்சம் மற்ற நாட்களில் பரவியிருந்தது. அப்புறம் எடையைப் பாருங்கள். 110 சின்ன பக்கட் ஐந்தரைக் கிலோ. 18 பெரிய பக்கட் ஏழு கிலோ 200 கிராம். பக்கட் எண்ணிக்கையில் பின்னால் நிற்பது எடையில் முன்னால் நிற்கிறது. விற்பனை அறிக்கையை வாரமாகவும் எடையாகவும் பார்க்காத எவருக்கும் இது கண்ணில் படாது.

கொப்பியைப் புரட்டப் புரட்ட இன்னொன்றும் தெரிந்தது. ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில், வேறு வேறு மாதிரி வாங்குகிறார்கள். கணவன் மனைவி இருவரும் தோட்டத்தின் வேலைப் பதிவான செக்ரோலில் இருக்கும் வீடு 10ஆம் திகதியைச் சுற்றி வாங்குகிறது. மகனோ மகளோ கொழும்பில் வேலை செய்து பணம் அனுப்பும் வீட்டுக்குத் திகதிக் கணக்கு இல்லை. பணம் வந்த அன்று வாங்குகிறது, அதுவும் பிள்ளை சொன்ன பெயரைக் கேட்டு. கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பவர்களும், மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவர்களும் அன்றன்றைக்கு வாங்குகிறார்கள். வேலையிலிருந்து நின்றுவிட்ட வயதான தம்பதிகள் சாயத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டு, பேரப்பிள்ளை வந்தால் மட்டும் ஒரு சின்ன பக்கட் எடுக்கிறார்கள். எங்கள் தாளில் இவர்கள் எல்லோரும் ஒரே ஆள்.

இங்கேதான் மூன்றாவது தவறுக்கு வாசல் திறக்கிறது. நான் இதை மேலிடத்தில் சொன்னதும், அவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் ஒன்பது குழுக்கள் உள்ள ஒரு தாள் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சலுகை, தனி விளம்பரம். ஆனால் எங்களிடம் இருந்ததோ ஒரு லொறி, ஒரு பிரதிநிதி, இரண்டு அளவு பக்கட். ஒவ்வொரு கடைக்கும் வாரம் ஒரு தரம்தான் போக முடியும். நம்மால் செய்யக்கூடிய வித்தியாசங்கள் எத்தனையோ, அத்தனை குழுக்கள்தான் உதவும். எங்களால் செய்யக்கூடியவை இரண்டே இரண்டு: எந்த வாரம் எதை ஏற்றுவது, கடைக்காரரிடம் எப்போது பணம் கேட்பது. வயதான தம்பதிகள் தனிக் குழு என்பது உண்மைதான். அவர்களுக்கென்று வேறாக எதையும் செய்ய முடியாவிட்டால் அந்த உண்மை லொறியில் ஏறாது.

கடைக்காரரிடம் எப்போது பணம் கேட்பது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கம்பெனியிடம் முதலில் வாங்குபவர் கடைக்காரர். சம்பளத்துக்கு முந்திய நாட்களில் அவருடைய பணம் முழுவதும் கடன் கொப்பியில் கிடக்கிறது. அப்போது போய் 'பெரிய பக்கட் இரண்டு பெட்டி எடுங்கள், காசைக் கொடுங்கள்' என்றால் அவரால் முடியாது. 10ஆம் திகதி அவர் கையில் காசு வரும்போது எங்கள் லொறி வேறு பக்கம் நிற்கும். அதனால் 8, 9ஆம் திகதிகளில் பெரிய பக்கட்டை இறக்கி, பணத்தை 15ஆம் திகதிக்குப் பிறகு வாங்கினோம். மாதக் கடைசியில் சின்னது. செய்தது இவ்வளவுதான். அந்தப் பாதையில் பெரிய பக்கட் ஓடத் தொடங்கியதற்கு விலைக்குறைப்பு எதுவும் காரணமில்லை.

விலைக்குறைப்பு செய்ததும் ஒரு சமயம் நடந்தது. அது நாலாவது தவறு. தோட்டத்துக் கடைகளுக்கு மட்டும் பன்னிரண்டு பெரிய பக்கட் எடுத்தால் ஒன்று இலவசம் என்று அறிவித்தார்கள். இரண்டே வாரத்தில் டவுன் மொத்த வியாபாரி ஒருவர், தெரிந்த தோட்டத்துக் கடைகள் வழியாகப் பெட்டி பெட்டியாக எடுத்து டவுனில் எங்கள் விலைக்குக் கீழே விற்றார். டவுன் கடைக்காரர்கள் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஒரு குழுவுக்கு விலையைக் குறைத்தால், அந்தப் பொருள் அடுத்த குழுவுக்குத் தாவாமல் ஒரு வேலி வேண்டும். முகவரி வேலி ஆகாது. லொறிக்கு எந்த முகவரியும் ஒன்றுதான். சலுகையைத் திகதியோடும் அளவோடும் கட்டினால் ஓரளவு நிற்கும்: 8 முதல் 14 வரை மட்டும், ஒரு கடைக்கு ஒரு பெட்டி மட்டும் என்பது போல. அதையும் முழுதாக அடைக்க முடியாது. ஆனால் தாவுகிறவருக்கு அலைச்சல் லாபத்தைவிட அதிகமானால் போதும்.

ஐந்தாவது தவறு படத்தில் நடந்தது. தோட்டக் குழுவுக்கென்று ஒரு போஸ்டர் அடித்தார்கள். கூடையோடு கொழுந்தெடுக்கும் அம்மா சிரிக்கிறார், பக்கத்தில் எங்கள் பால்மா. அதை நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது, கடைக்கு வந்த உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, டவுன்ல ஒட்டுற போஸ்டர்ல ஸ்கூல் யூனிஃபோர்ம் போட்ட பிள்ளை இருக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் கூடை?" எனக்குப் பதில் வரவில்லை. பால்மா வாங்கும் அம்மா அதை வாங்குவது பிள்ளை பள்ளிக்குப் போவதற்கு முன் ஒரு டம்ளர் குடிக்கட்டும் என்றுதான். ஒரு குழுவைக் கம்பெனி அடையாளம் காணும் குறி வேறு, அந்தக் குழு பொருளை வாங்கும் காரணம் வேறு. குறியை எடுத்துப் போஸ்டரில் போட்டால், வாங்குபவருக்கு அது 'உன்னை நான் இப்படித்தான் பார்க்கிறேன்' என்று சொல்வதாகத்தான் படும்.

நம்முடைய பிரிப்பு உண்மையானதா, தாளில் மட்டும் இருப்பதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஏற்பாட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரே அளவுள்ள நாலு கடைகளை எடுத்து, இரண்டில் சம்பள வாரத்தில் பெரியதும், இரண்டில் வழக்கம்போலச் சின்னதும் இறக்கி, இரண்டு மூன்று சம்பளம் வரை எடைக் கணக்கு எடுங்கள். வித்தியாசம் எதுவும் தெரியாவிட்டால் குழு என்று நீங்கள் நினைத்தது குழுவே இல்லை. ஒரே ஒரு மாதத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். முக்கியமாகத் தீபாவளிக்கு முந்திய மாதத்தை எடுக்கவே வேண்டாம். தீபாவளி முற்பணம் கைக்கு வந்து, கொழும்புப் பிள்ளைகளும் வீடு திரும்பும் அந்த நாட்களில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி வாங்கும். அடுத்த மாதம் முற்பணத்தின் கழிவு சம்பளத்தில் விழத் தொடங்கும்போது வழக்கத்தைவிடக் குறைவாக வாங்கும்.

இப்போதும் அந்தக் கடைக்குப் போகும்போது கொப்பியைத்தான் முதலில் கேட்கிறேன். பெயர்களுக்குப் பக்கத்தில் முதலாளி 'சம்பளம்' என்று எழுதிவைத்திருந்த பல இடங்களில் அடித்துவிட்டு 'கொழும்பு' என்று எழுதியிருக்கிறார். அப்படி மாறிய பெயர்கள் பாதியைத் தாண்டிவிட்டால், 8ஆம் திகதி லொறியை வைத்துப் போட்ட திட்டத்தை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.