பறந்த பாயிண்ட்ஸ் கணக்கில் ஏறவில்லையா? முறையிடும்போது தவிர்க்க வேண்டியவை

கல்முனையில் விமான டிக்கெட் போடும் கடையில் இருக்கிறேன். விமான நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் பறந்ததற்குப் பாயிண்ட்ஸ் கணக்கில் ஏறும், ஏறாவிட்டால் திட்டத்தின் படிவத்தை நிரப்பிக் கேட்க வேண்டும். வளைகுடாவுக்குப் போய்வரும் பிள்ளைகள் லீவில் வந்ததும், "நானா, வந்த ஃப்ளைட்டுக்குப் பாயிண்ட்ஸ் ஏறல்ல, கேட்டும் தாறாங்க இல்ல" என்று போனை நீட்டுவார்கள். பார்த்தால், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே பிழைகள். திகதி மாறியது, இலக்கம் விடுபட்டது போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்ணில் படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஏஜென்சித் தாளில் உள்ள ஆறு எழுத்தை மட்டும் நம்புவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஏஜென்சி தரும் தாளில் ஆறு எழுத்தில் ஒரு பதிவு இலக்கம் இருக்கும். பல நேரம் அது ஏஜென்சி டிக்கெட் போடும் அமைப்பின் இலக்கம். அதே பயணத்துக்கு விமான நிறுவனம் தன் பக்கத்தில் வேறு ஆறு எழுத்து வைத்திருக்கலாம். முதலாவதைப் படிவத்தில் போட்டால் "பதிவு இல்லை" என்று பதில் வரும். இன்னொன்றும் உண்டு. பயணம் முடிந்து சில நாளில் அந்தப் பதிவு நடப்புப் பட்டியலிலிருந்து அகற்றப்பட்டுவிடும். அப்புறம் சரியான ஆறு எழுத்தைப் போட்டாலும் திறக்காமல் போகலாம்.

நிலைத்து நிற்பது டிக்கெட் இலக்கம். மொத்தம் 13 எண்கள். முதல் மூன்றும் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தின் குறி: ஸ்ரீலங்கனுக்கு 603, கத்தாருக்கு 157, எமிரேட்ஸுக்கு 176. ஈ-டிக்கெட் பிடிஎஃப்பில் இருக்கும், போர்டிங் பாஸிலும் பெரும்பாலும் ETKT என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் அதன் வாலில் C1, C2 என்று ஒட்டியிருக்கும். அது எத்தனையாவது பறப்பு என்பதற்கான குறி, படிவத்தில் போடக் கூடாது.

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் தம்மாமிலிருந்து நடுவில் ஒரு ஃப்ளைட் மாறிக் கட்டுநாயக்கவுக்கு வந்தார். ஏஜென்சி இலக்கத்தையே திரும்பத் திரும்பப் போட்டு, மறுப்பு வந்து, வெறுத்துப்போய் விட்டுவிட்டார். மாதங்கள் போனபின் என்னிடம் வந்தார். முதல் பறப்பின் போர்டிங் பாஸ் கெட்டுவிடக் கூடாது என்று லேமினேட் பண்ணி வைத்திருந்தார். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். லேமினேட் மெஷினின் சூட்டில் முழுத்தாளும் கறுத்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. இரண்டாவது பாஸை பஸ்ஸிலேயே விட்டுவிட்டாராம். ஆனால் விமானம் ஏறுமுன் அதைப் படம் எடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தில் பெயர், ஃப்ளைட் இலக்கம், திகதி, இருக்கை எல்லாம் தெளிவாக இருந்தன. ஏஜென்சியிடம் ஈ-டிக்கெட் பிடிஎஃப்பை மறுபடி அனுப்பச் சொல்லி, 13 எண்களையும் போட்டு, படத்தை இணைத்து அனுப்பினோம். இரண்டாவது பறப்புக்குப் பாயிண்ட்ஸ் ஏறியது. முதலாவதுக்குப் போர்டிங் பாஸ் கட்டாயம் வேண்டும் என்றார்கள், அது போனதுதான். பல திட்டங்களில் ஆறு மாதம் வரைதான் கேட்கலாம், சிலவற்றில் அதைவிடக் குறைவு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

ஆகவே இருக்கையில் உட்கார்ந்ததும் பாஸைப் படம் எடுங்கள். போனிலேயே போர்டிங் பாஸ் வைத்திருப்பவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பறப்பு முடிந்தபின் அது ஆப்பில் இல்லாமல் போகலாம்.

பெயர் பொருந்தாமல் இருப்பது

நம்மிடம் இது அதிகம். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் முழுமையாக இருக்கும். உறுப்பினர் கணக்கைத் திறக்கும்போது இனிஷியலோடு சுருக்கிப் போட்டிருப்பார்கள், அல்லது எது குடும்பப் பெயர் என்பதில் மாறிப்போயிருக்கும். டிக்கெட்டில் உறுப்பினர் இலக்கம் சரியாக இருந்தாலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் பாயிண்ட்ஸ் ஏறாமல் நின்றுவிடும். அந்த நிலையில் முறையிட்டுப் பயனில்லை. முதலில் பாஸ்போர்ட் பிரதியை அனுப்பிக் கணக்கின் பெயரைத் திருத்துங்கள், பிறகு படிவத்துக்குப் போங்கள்.

ஒரு டிக்கெட், ஒரு முறைப்பாடு என்று நினைப்பது

ஃப்ளைட் மாறி வந்தால் ஒவ்வொரு பறப்பையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இறங்கிய அன்றே கேட்பது

வேண்டாம். முதலில் சில நாள் பொறுக்கச் சொல்லும் திட்டங்களே அதிகம், உங்கள் திட்டத்தோடு கூட்டுச் சேர்ந்த வேறு விமான நிறுவனத்தில் பறந்திருந்தால் இன்னும் கூடுதலாக.

போர்டிங் பாஸை ஃபேஸ்புக்கில் போடுவது

திரும்பும் பயணம் மிச்சமிருந்தால் பதிவு இலக்கமும் குடும்பப் பெயரும் போதும், யாரும் உங்கள் டிக்கெட்டுக்குள் நுழையலாம்.

டிக்கெட் வகுப்பைப் பார்க்காமல் சண்டை பிடிப்பது

டிக்கெட்டில் வகுப்பு என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். சில மலிவு வகுப்புகளுக்குப் பாயிண்ட்ஸே கிடையாது, கூட்டுச் சேர்ந்த வேறு நிறுவனத்தில் பறக்கும்போது இது இன்னும் அதிகம். திட்டத்தின் அட்டவணையில் உங்கள் எழுத்துக்கு நேரே பூச்சியம் இருந்தால் எந்தப் படிவத்தாலும் பாயிண்ட்ஸ் வராது.