எதிரணி முதல் பேச்சு: ரெண்டு நிமிஷத்துல எங்க கோட்டை விடுறாங்க?

போன வாரம் ஒன்பதாவது பசங்களுக்கு விவாதப் போட்டிக்கு பயிற்சி குடுத்துட்டு இருந்தேன். தலைப்பு "பள்ளிகளில் வீட்டுப்பாடத்தை அடியோடு ஒழிக்க வேண்டும்". எதிரணியில முதல்ல பேசுற பையன் எழுந்து "வீட்டுப்பாடம் மாணவர்களுக்கு மிகவும் நல்லது"ன்னு ஆரம்பிச்சான். எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா அவன் வயசுல இதே வரிய சொல்லித்தான் நானும் தோத்தேன். குரல் நடுங்குறது, பேப்பர பாத்து ஒப்பிக்கிறது பத்தியெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, அத விட்டுடறேன்.

வணக்கம் சொல்லியே இருபது செகண்ட்

"நடுவர் அவர்களே, வணக்கம்." போதும்.

தேவையில்லாத சுமைய தலையில ஏத்திக்கிறது

இதப் பாத்தாத்தான் இன்னிக்கும் எரிச்சல் வருது. அன்னிக்கு நான் வீட்டுப்பாடத்த புகழ்ந்து தள்ளிட்டு கைதட்டலோட உக்காந்தேன். எதிர்ல இருந்த பொண்ணு எழுந்து "எல்கேஜி குழந்தைக்கும் நல்லதாங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. ஆமான்னு சொன்னா சபை சிரிக்கும், இல்லன்னா என் பேச்சே பொய். ரெண்டுல எதுன்னு தெரியாம முழிச்சேன், அதோட எங்க டீம் காலி.

தலைப்புல "அடியோடு"ன்னு ஒரு வார்த்தை இருந்தத நான் கவனிக்கவே இல்ல. ஒழிக்கணும்னு சொல்றவங்கதான் எல்லா வகுப்புலயும், எல்லா பாடத்துலயும் அது வேண்டாம்னு நிரூபிக்கணும். எதிர்க்கிற நமக்கு ஒரு இடத்துல அது தேவைன்னு காட்டினாலே போதும். அத விட்டுட்டு "வீட்டுப்பாடம் நல்லது"ன்னு நாமளே பெருசா ஒன்னு சொன்னா, நிரூபிக்கிற வேலை நம்ம பக்கம் வந்துடும், அவங்க ஜாலியா உக்காந்து ஓட்டை தேடுவாங்க.

அதனால அந்தப் பையன்கிட்ட தலைப்புல இருக்குற பெரிய வார்த்தைய முதல்ல பேனாவால சுழிக்கச் சொன்னேன். அப்புறம் நிலைப்பாட்ட இப்படி மாத்தினோம்: "ஆறாம் வகுப்புலருந்து அளவான வீட்டுப்பாடம் வேணும், அதனால அடியோடு ஒழிக்கக் கூடாது." எழுதினது சரியான்னு பாக்க, ஒரே ஒரு எதிர் உதாரணத்துல அது உடையுதான்னு கேட்டுப் பாருங்க. உடைஞ்சா நீங்க அதிகமா சொல்லிட்டீங்கன்னு அர்த்தம். ஆனா ரொம்பவும் இறங்கிடாதீங்க, "குறைக்கலாம், மாத்தலாம்"னு ரெண்டு நிமிஷமும் சொல்லிட்டே இருந்தா, இவன் யாரு கட்சின்னு நடுவருக்கே சந்தேகம் வந்துடும். எதுக்காக நிக்கிறோம்னு ஒரு வரியில வந்துடணும்.

அஞ்சு காரணம்

ரெண்டு போதும்.

காரணம்னு சொல்லிட்டு அதே வரிய திருப்பிச் சொல்றது

"வீட்டுப்பாடம் முக்கியம், ஏன்னா அது அவசியம்"னு எழுதிட்டு வர்றாங்க. "ஏன்னா"வுக்கு அப்புறம் ஒரு காட்சி வரணும். பின்னம் கூட்டுறத வாத்தியார் போர்டுல போடும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருக்கும், சாயங்காலம் தனியா உக்காந்து மூணாவது கணக்குல மாட்டும்போதுதான் தெரியலன்னே தெரியும். இது ஒன்னு. ரெண்டாவது, வீட்டுப்பாடம் போயிட்டா டியூஷன் போற பையன் அங்க கணக்கு போட்டுடுவான், டியூஷனுக்கு காசில்லாத பையனுக்கு ஸ்கூல் குடுத்த அந்தப் பயிற்சியும் போயிடும். இத ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு ஒருத்தி சொன்னப்போ கிளாஸே அமைதியாயிடுச்சு.

ஒழிக்கணும்னு பேசுற அணியோட பாய்ண்ட்ட அவங்கள விட நல்லா பேசுறது

அவங்க என்ன சொல்லுவாங்கன்னு முன்னாடியே யோசிச்சு பதில் வைக்கிறது நல்ல பழக்கம்தான், அளவு தெரியலன்னா கெட்டுது. 2018ல சென்னை உயர் நீதிமன்றம் சிபிஎஸ்இ பள்ளிகள்ல ஒன்னாவது, ரெண்டாவது பசங்களுக்கு வீட்டுப்பாடம் கூடாதுன்னு சொல்லுச்சு, அத அந்த அணி கண்டிப்பா தூக்கிட்டு வரும்னு நம்ம பையன் சரியா கணிச்சான். ஆனா அந்தத் தீர்ப்ப விளக்கவே அம்பது செகண்ட் எடுத்துட்டு, "ஆனால் அதை ஏற்க முடியாது"ன்னு முடிச்சான். அந்த அணிக்கு அவனே வக்கீலாயிட்டான்!

ஒரு வரி அவங்களுக்கு, மூணு வரி நமக்கு. "நீதிமன்றமே வேண்டாம்னுச்சேன்னு கேப்பீங்க. அது பேசினது ஒன்னாவது, ரெண்டாவது பசங்கள பத்தி. அந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம்னு நாங்களும் ஒத்துக்கிறோம். அந்தத் தடைய பன்னெண்டாவது வரைக்கும் இழுக்க என்ன காரணம் இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்." நிலைப்பாட்ட அளவா வச்சதாலதான் இங்க தைரியமா ஒத்துக்க முடியுது, "மிகவும் நல்லது"ன்னு ஆரம்பிச்சிருந்தா இந்த பதில வாயத் திறந்து சொல்லவே முடியாது.

மணி அடிச்சப்புறம் மறுப்பு

மறுப்ப கடைசிக்கு தள்ளி வச்சா பாதியில மணி அடிச்சிடும். நிலைப்பாட்டுக்கு பதினஞ்சு செகண்ட், ரெண்டு காரணத்துக்கும் சேத்து எழுபது, மறுப்புக்கு முப்பது, மிச்சம் மூச்சு விட. எழுதினா சுமார் இருநூறு வார்த்தை வரும். நம்ம பையன் முன்னூத்தி பத்து எழுதிட்டு வந்திருந்தான், வேகமா பேசிடுவேன்னு சொன்னான். போன்ல டைமர் வச்சு பேச விட்டேன், மணி அடிக்கும்போது ரெண்டாவது காரணத்துல நின்னுட்டு இருந்தான்.