பிரதம விருந்தினர் உரைக்கு ஒரு வேப்பமரம்

வலிகாமத்தில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா. எங்கள் பணிப்பாளர்தான் பிரதம விருந்தினர். அவருக்கு உரை எழுதுவது நான். கைவசம் இருந்த உரை எந்தப் பாடசாலைக்கும் பொருந்தும்.

அதிபருக்கு அழைப்பெடுத்தேன். பெறுபேறுகளை அவரே அறிக்கையில் வாசிப்பார், அதனால் கேட்கவில்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு, கூரையில்லாமல் வேம்பின் கீழ் வகுப்பு நடந்ததாம். மரம் இன்னும் நிற்கிறது. ஆண்டு விழா, கட்டடம் என்று வேறு தகவல்களும் தந்தார். எல்லாவற்றையும் அடுக்கினால் அதுவும் அறிக்கைதான். வேம்பை மட்டும் எடுத்தேன்.

“வரும்போது அந்த வேம்பின் கீழ் நின்று பார்த்தேன். உங்கள் அம்மாமார் சிலருக்கு அதுதான் வகுப்பறை என்று அதிபர் சொன்னார்.”

இப்படித் தொடங்கினால் பணிப்பாளர் உண்மையாகவே அங்கே நிற்க வேண்டுமே! சாரதியிடம் பத்து நிமிடம் முந்திப் போகச் சொன்னேன். அப்புறம், வேறு பாடசாலையின் பெயரைப் போட்டாலும் பொருந்திய வரிகளை வெட்டினேன். பாதி உரை போய்விட்டது.