லிங்க்டினில் ஒரே விஷயம், நான்கு வடிவம்: எதை எப்போது போடுவது?

கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, போஸ்ட் போடத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். "சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி" என்ற தலைப்பையே நான்கு வடிவத்திலும் போட்டுப் பார்ப்போம்.

1. சொல்ல ஒரே ஒரு கருத்துதான் இருந்தால் வெறும் எழுத்து போதும். "ஆண்டு CTC 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வராது, கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கும் அதற்குள்தான்." இதற்குப் படம் எதற்கு? 3,000 எழுத்துகள் வரை இடம் உண்டு, ஆனால் ஃபீடில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதி `more`-க்குப் பின்னால் போய்விடும். அதனால் வணக்கம், முன்னுரை எல்லாம் வேண்டாம், அந்த 50,000 முதல் வரியிலேயே வரட்டும்.

2. சீட்டை வரிவரியாக விளக்கவேண்டும் என்றால் ஸ்லைடு. ஒரு போஸ்டில் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் ஃபீட் கணக்கில் எடுக்கிறது என்று லிங்க்டினே 2020-இல் எழுதியது, ஸ்லைடு தள்ளிப் படிப்பவர் இயல்பாகவே அதிக நேரம் நிற்பார். ஆனால் பேசிக், எச்ஆர்ஏ, பிஎஃப் என்று ஸ்லைடுக்கு ஒன்றாக உண்மையிலேயே விஷயம் இருக்கவேண்டும், ஒரு வரியை எட்டாக வெட்டினால் இரண்டாவதிலேயே ஆள் போய்விடுவார்.

தமிழுக்குச் சிக்கலே இங்குதான். PPTX-ஐ அப்படியே ஏற்றினால் எழுத்துரு மாறி, கொம்பும் புள்ளியும் இடம் பெயர வாய்ப்பு உண்டு. பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். நான் லிப்ரெஆஃபிஸ் இம்ப்ரெஸ்தான் பயன்படுத்துகிறேன், அழகான டெம்ப்ளேட் தளங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. ஸ்லைடு அளவை 20 × 25 செ.மீ. என்று வைத்தால் மொபைலில் நிறைந்து தெரியும். போடும் முன் பிடிஎஃபை ஃபோனில் திறந்து "கொ", "பௌ" சரியாக இருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் போட்டபின் ஃபைலை மாற்ற முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும்.

3. வாக்கெடுப்புக்கு ஒரு தட்டு போதும் என்பதால் எண்ணிக்கை சுலபமாக ஏறும். எனக்கு அதில் பெரிய மோகம் இல்லை. தட்டிவிட்டுப் போகிறவர் உங்கள் பெயரைக்கூடப் பார்த்திருக்கமாட்டார், அதோடு வாக்கெடுப்புகள் அலுத்துவிட்டன என்று பயனர்கள் சொன்னதால் 2022-இல் லிங்க்டினே அவற்றைக் குறைத்துக் காட்டத் தொடங்கியது. பதில் உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் போடுங்கள், அடுத்த ஸ்லைடு எதைப் பற்றி என்று முடிவு செய்ய நல்ல வழி.

(பிற்சேர்க்கை: விடை பெட்டியில் அடங்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு விடைக்கு 30 குறிகள்தான், புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். "பிடித்தம் எவ்வளவு என்று பார்ப்பேன்" கண்ணுக்கு 21, பெட்டிக்கு 34. "பிடித்தத் தொகை" என்றால் 14-இல் முடிந்துவிடும்.)

4. பார்த்த உடனே புரிகிற விஷயத்துக்குப் படம். ஒரு மாதிரிச் சீட்டில் பிஎஃப் வரியைச் சிவப்பில் வட்டமிட்டால் வேலை முடிந்தது. யுஏஎன் எண்ணையும் பெயரையும் மறைக்க மறக்காதீர்கள். பொதுவான ஸ்டாக் படம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஒப்பிடும்போது `Impressions` எண்ணை விடுங்கள், ஒரே ஆள் இரண்டு முறை பார்த்தாலும் அது ஏறும். `Members reached` எத்தனை, அந்தப் போஸ்டிலிருந்து எத்தனை பேர் உங்கள் புரொஃபைலுக்கு வந்தார்கள், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது ஏறாமலும் இருந்தால் அந்த வடிவம் கூட்டத்தைக் காட்டுகிறது, ஆளைக் கொண்டுவரவில்லை.