நீட் மூன்று முறை எழுதியதை உதவித்தொகை நேர்காணலில் சொல்வது எப்படி?

எம்பிபிஎஸ் இடம் கிடைத்ததும் கல்வி உதவித்தொகைக்கு அலைய வேண்டியிருக்கும். அங்கே கட்டாயம் வரும் கேள்வி: "பிளஸ் டூ முடிச்சு ரெண்டு வருஷம் என்னம்மா பண்ணே?" மார்க் ஷீட்டில் வருஷம் இருக்கிறது, மறைக்க முடியாது. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில், விடைத்தாளை எடுங்கள். மொத்த மார்க்கை மட்டும் காட்டினால் எடுபடாது. 2024-ல் பலர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-ல் முதலிடமே 686 தான். வினாத்தாளின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. தேர்வு முகமை இணையத்தில் விடும் ஓஎம்ஆர் நகலையும் விடைக்குறிப்பையும் உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்காது.

அடுத்து, ஒரே ஒரு பாடத்தில் சரி, தப்பு, விட்டது என்று எண்ணுங்கள். ஏற்காடு நாகலூரிலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறி வந்து படித்த ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். இயற்பியலில் 45 கேள்வி. சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும்.

முதல் முறை 20 எழுதி 12 சரி: 40 மார்க். இரண்டாம் முறை 45-ஐயும் எழுதி 20 சரி: 55. மூன்றாம் முறை 34 எழுதி 29 சரி: 111.

மார்க் ஏறியதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. இரண்டாம் முறை 25 தப்பு, மூன்றாம் முறை ஐந்தே தப்பு. தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரிக்கக் கற்றுக்கொண்டாள் என்பதற்கு இதுதான் சாட்சி.

பிறகு, அந்த மாற்றம் எப்படி வந்தது என்று எழுதுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். "கடுமையாக உழைத்தேன்" என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவள் இப்படி எழுதலாம்:

"இரண்டாம் முறை தெரியாத கேள்விக்கும் குத்துமதிப்பாக விடை போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு மாதிரித் தேர்வு முடிந்ததும் தப்பான கணக்கை ஒரு நோட்டில் திரும்பப் போட்டு, சூத்திரம் மறந்ததா, கேள்வியே புரியவில்லையா என்று பக்கத்தில் குறித்தேன். பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். எம்பிபிஎஸ் ஆங்கிலத்தில் என்பதால் உயிரியலை என்சிஇஆர்டி ஆங்கிலப் புத்தகத்திலும் படித்தேன். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மாவோடு வேலைக்குப் போனேன். அப்போது இரவில் மட்டும் படித்தேன்."

வீட்டுக் கஷ்டம் ஒரே வரியில் நிற்கிறது, கவனித்தீர்களா? அது பாதிப் பத்தியைத் தின்றுவிட்டால் படிப்புக்கு இடமிருக்காது, அப்போது வெட்டுங்கள். வினாத்தாள் குளறுபடி, கோச்சிங் சரியில்லை என்ற புகார்களும் வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும், நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்பதை அவை சொல்லாது.

கடைசியாக, வாயால் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். "எங்கே, ஒரு பக்கம் காட்டு" என்று கேட்டால், உங்களை அதிகம் திணறடித்த கணக்கைத் திருப்பி, எங்கே சறுக்கினீர்கள் என்று விளக்குங்கள்.